வீட்டில் டியூஷன் எடுப்பவர் ஃபீஸை வரிக்கணக்கில் காட்டுவது எப்படி: அனுமான வரித் திட்டம், படிப்படியாக

ஜூலை மாதம் வந்தால் டியூஷன் எடுப்பவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "நானும் ஒரு ப்ரொஃபஷனல்தானே, பாதியை வருமானமாகக் காட்டிவிட்டு, நோட்ஸ் ஜெராக்ஸ், கரண்ட் பில், இன்டர்நெட் செலவை அதில் கழித்துக்கொள்ளலாமா?"

இந்த ஒரு கேள்விக்குள் இரண்டு தவறுகள் இருக்கின்றன. பாதி வருமானம் என்கிற சலுகை எல்லா ப்ரொஃபஷனலுக்கும் கிடையாது. அனுமானத் திட்டம் என்பது மொத்த வரவில் சட்டம் சொல்லும் ஒரு சதவீதத்தை வருமானமாகக் காட்டும் முறை. அதற்குள் வந்துவிட்டால் தனியாகச் செலவு கழிக்கவும் முடியாது. அப்படியானால் செலவுக் கணக்கு எதற்கு என்று கேட்டால், அதற்கு ஒரு நல்ல பயன் இருக்கிறது. அதைத்தான் இங்கே விரிவாகப் பார்க்கப்போகிறோம். கணக்குகள் எல்லாம் 2025-26 நிதியாண்டுக்கானவை, புதிய வரி முறைப்படி போட்டவை.

தொடங்கும் முன் ஒரு விஷயம். பள்ளியில் ஆசிரியராக வேலை பார்ப்பவர் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. வரி கட்டிவிட்டால் அது சரியாகிவிடாது. ஆகவே இந்த வழிகாட்டி, டியூஷனையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கும், வேறு வேலையில் இருந்துகொண்டு மாலையில் பாடம் எடுப்பவர்களுக்கும்.

முதல் படி: எந்தத் தலைப்பில் காட்டுவது

பலர் ITR-1 படிவத்தை எடுத்து, டியூஷன் ஃபீஸை 'இதர வருமானம்' என்ற இடத்தில் வங்கி வட்டியோடு சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். மாதாமாதம் பேட்ச் வைத்து, ஃபீஸ் வாங்கி, தொடர்ந்து நடத்துவது தொழில். அது 'வணிகம் அல்லது தொழில்முறை வருமானம்' என்ற தலைப்பில்தான் வர வேண்டும். ITR-1 படிவத்தில் அந்தத் தலைப்பே கிடையாது. அனுமானத் திட்டத்தில் காட்டினால் ITR-4, செலவுகளை ஒவ்வொன்றாக எழுதி உண்மை லாபத்தைக் காட்டினால் ITR-3.

இரண்டாம் படி: 44AD-யா, 44ADA-வா

தடுமாற்றம் தொடங்குவது இங்கேதான். இரண்டும் வருமான வரிச் சட்டத்தில் அனுமானத் திட்டத்துக்கான பிரிவுகள். 44ADA பிரிவில் மொத்த வரவில் 50 சதவீதத்தை வருமானமாகக் காட்டினால் போதும். ஆனால் அது சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட தொழில்களுக்கு மட்டும்: வழக்கறிஞர், மருத்துவர், பொறியாளர், கட்டடக் கலைஞர், கணக்காளர், தொழில்நுட்ப ஆலோசகர், உள் அலங்காரம் செய்பவர், அப்புறம் அரசு அறிவிக்கை மூலம் சேர்த்த திரைக் கலைஞர், கம்பெனி செக்ரட்டரி போன்ற சிலர். இந்தப் பட்டியலில் ஆசிரியர் இல்லை, டியூஷனும் இல்லை. கணக்குப் பாடம் எடுப்பதைத் 'தொழில்நுட்ப ஆலோசனை' என்று நீட்டிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஜே.இ.இ. மாணவனுக்கு இன்டக்ரேஷன் சொல்லிக்கொடுப்பது ஆலோசனை ஆகாது.

மிச்சம் இருப்பது 44AD. இது சிறு வணிகங்களுக்கான பிரிவு. 44ADA பட்டியலில் உள்ள தொழில்கள், கமிஷன், தரகு, ஏஜென்சி ஆகியவற்றுக்குத்தான் இதில் தடை. டியூஷன் அந்தத் தடையில் வரவில்லை. வரித்துறையின் தொழில் குறியீட்டுப் பட்டியலிலும் கல்விச் சேவைகளின் கீழ் பயிற்சி மையங்களுக்கும் டியூஷனுக்கும் 17006 என்று தனி எண் இருக்கிறது.

இங்கே ஒரு மாற்றுக் கருத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒருவர் தன் சொந்தத் திறமையை மட்டும் நம்பி, தனி ஆளாக வீடு வீடாகப் போய்ப் பாடம் எடுத்தால் அது வணிகம் இல்லை, தொழில்முறைதான், ஆகவே 44AD-யும் பொருந்தாது, ITR-3 தான் சரி என்று கறாராகச் சொல்லும் ஆடிட்டர்கள் உண்டு. அந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் வீட்டில் பேட்ச் பிரித்து, உதவிக்கு ஆள் வைத்து, நோட்ஸ் அச்சடித்து, தேர்வு வைத்து நடத்துவது ஒரு சிறு வணிகத்தின் அமைப்பைத்தான் கொண்டிருக்கிறது. அப்படி நடத்துபவர் 44AD-யில் போகலாம் என்பது என் கருத்து. தனி ஆளாக ஓரிரு மாணவர்களுக்கு மட்டும் பாடம் எடுப்பவர் ITR-3 பற்றி ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொரு குழப்பம், பணம் கொடுப்பவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வரியான டி.டி.எஸ். ஆன்லைன் நிறுவனம் ஒன்றுக்காகவும் நீங்கள் வகுப்பு எடுத்தால், அவர்கள் 194J பிரிவில் 10 சதவீதம் பிடித்திருக்கலாம். அது, உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26AS படிவத்தில் தெரியும். உடனே, "194J என்றால் தொழில்முறைக் கட்டணம், அப்படியானால் 44ADA-தானே?" என்று நினைக்கத் தோன்றும். பணம் கொடுப்பவர் எந்தப் பிரிவில் பிடித்தார் என்பது உங்கள் தொழிலின் தன்மையை மாற்றாது. ஆனால் அந்தத் தொகை முழுதும் உங்கள் மொத்த வரவில் இருக்க வேண்டும். கைக்கு வந்த 90 ரூபாயை மட்டும் காட்டிவிட்டு, பிடித்த 10 ரூபாயைத் திரும்பக் கேட்டால் முரண்பாடு உடனே தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: மொத்த வரவைச் சரியாகக் கூட்டுவது

44AD-யில் கணக்கு முழுதும் ஒரே ஒரு எண்ணின் மேல் நிற்கிறது: வருடத்தின் மொத்த வரவு. அதில் மாதாந்திர ஃபீஸ் மட்டுமல்ல, சேர்க்கைக் கட்டணம், மாதிரித் தேர்வுக் கட்டணம், 'ஜெராக்ஸ் காசு' என்று தனியாக வாங்கியது, விடுமுறைக்கால சிறப்பு வகுப்புக்கு வாங்கியது எல்லாம் அடங்கும். ஜெராக்ஸ் காசை அப்படியே கடைக்காரரிடம் கொடுத்துவிட்டேன் என்பது செலவுக் கணக்கு. வரவில் அதை விடக் கூடாது. பாதியில் நின்ற மாணவனுக்குத் திருப்பிக் கொடுத்த ஃபீஸை மட்டும் கழித்துக்கொள்ளலாம்.

இந்த வரவை இரண்டாகப் பிரிக்க வேண்டும். வங்கி வழியாக வந்ததில் 6 சதவீதம், ரொக்கமாக வந்ததில் 8 சதவீதம். இதுதான் திட்டத்தின் குறைந்தபட்ச வருமானம். யு.பி.ஐ., நெஃப்ட், ஐ.எம்.பி.எஸ்., கார்டு, கணக்கில் மட்டும் செலுத்தத்தக்கதாகக் கோடிட்ட செக் எல்லாம் முதல் வகை. பெற்றோர் ரொக்கமாகக் கொடுத்ததை நீங்கள் மறுநாள் வங்கியில் போட்டாலும் அது ரொக்கம்தான். பெற்றோரே டெபாசிட் மெஷினில் உங்கள் கணக்கில் பணமாகப் போட்டாலும் அதே கதைதான்.

இதற்குத் தேவை ஒரு நோட்டு. தேதி, ரசீது எண், மாணவர் பெயர், எந்த மாதத்து ஃபீஸ், தொகை, ரொக்கமா யு.பி.ஐ.-யா. ஒரு வரி இப்படி இருந்தால் போதும்: "ஆகஸ்ட் 4, ரசீது 87, பத்தாம் வகுப்பு பி பேட்ச், ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதம், 5,000, யு.பி.ஐ." பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் ரசீது அனுப்பினாலும் அதில் இதே எண் இருக்கட்டும்.

கூடவே, ஃபீஸ் வருவதற்கென்று ஒரு தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் செலவும், தம்பி அனுப்பிய கடனும், சீட்டுப் பணமும் ஃபீஸும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால், பிற்பாடு கேள்வி வரும்போது எது ஃபீஸ் இல்லை என்பதை நீங்கள்தான் ஒவ்வொன்றாக விளக்க வேண்டியிருக்கும். க்யூ.ஆர். கோடு கணவர் பெயரிலோ மனைவி பெயரிலோ இருப்பதும் இதே தலைவலியைத்தான் தரும். பாடம் எடுப்பது யாரோ அவர் கணக்குக்கே பணம் வரட்டும்.

மார்ச்சில் வாங்கிய ஏப்ரல் ஃபீஸ் எந்த வருடக் கணக்கு என்று கேட்பார்கள். பணம் வந்த தேதிப்படி கணக்கு வைப்பவர் என்றால் மார்ச்சிலேயே சேர்க்க வேண்டும். ஒரு முறையைப் பிடித்துக்கொண்டால் வருடா வருடம் அதையே தொடர வேண்டும்.

நான்காம் படி: செலவு எங்கே போகிறது

44AD-யில் எல்லாச் செலவும் ஏற்கெனவே கழிக்கப்பட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. வாடகை, சம்பளம், கரண்ட், ஜெராக்ஸ், இன்டர்நெட் எதையும் மேற்கொண்டு கழிக்க முடியாது. தேய்மானமும் அப்படித்தான். 60,000 ரூபாய்க்கு வகுப்புக்காக லேப்டாப் வாங்கினீர்கள் என்றால், அதற்கு 40 சதவீதத் தேய்மானம் எடுத்ததாகவே கருதப்படும். அடுத்த வருடம் ITR-3-க்கு மாறினால் லேப்டாப்பின் மதிப்பு 36,000 ரூபாயில்தான் தொடங்கும், 60,000-இல் அல்ல.

அப்படியானால் செலவை எழுதி வைப்பதில் என்ன பயன்? சட்டத்தின் வாசகம் 6 அல்லது 8 சதவீதம் என்று மட்டும் நிற்கவில்லை. அந்தத் தொகை, அல்லது நீங்கள் அதைவிட அதிகமாகச் சம்பாதித்ததாகச் சொல்லும் தொகை என்றும் இருக்கிறது. ITR-4 படிவமும் இரண்டில் எது அதிகமோ அதைப் போடச் சொல்கிறது. மளிகைக் கடைக்கு 6 சதவீத லாபம் இயல்பு. வீட்டு டியூஷனில் செலவு குறைவு, நூற்றில் எழுபது எண்பது ரூபாய் கையில் நிற்கும். ஆகவே உங்கள் செலவு நோட்டு, உண்மையில் எவ்வளவு மிஞ்சியது என்பதைக் கண்டுபிடித்து, அந்த எண்ணைப் படிவத்தில் போடுவதற்கு. செலவுகள் நோட்டில் இருக்கும், படிவத்தில் அவற்றின் விளைவு மட்டும் இருக்கும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்

சொந்த வீட்டின் மாடியில் கணக்கும் இயற்பியலும் எடுக்கும் ஓர் ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். 30 மாணவர்கள், மாதம் 2,500 ரூபாய், வருடத்தில் 10 மாதம். மொத்த வரவு 7,50,000. இதில் யு.பி.ஐ.-யில் வந்தது 5,50,000, ரொக்கம் 2,00,000. வேறு வருமானம் இல்லை.

குறைந்தபட்ச வருமானம்: 5,50,000-இல் 6 சதவீதம் 33,000. 2,00,000-இல் 8 சதவீதம் 16,000. ஆக 49,000.

இப்போது அவருடைய செலவு நோட்டு. பேப்பர் திருத்தவும் சந்தேகம் தீர்க்கவும் வரும் கல்லூரி மாணவிக்கு 60,000. நோட்ஸும் வினாத்தாளும் அச்சடிக்க 30,000. மாடி அறைக்கான கரண்ட் பங்கு 18,000. போன், இன்டர்நெட் 10,000. பெஞ்ச், போர்டு, மின்விசிறி ஆகியவற்றின் தேய்மானம் 7,000. மொத்தம் 1,25,000. மிஞ்சியது 6,25,000.

அவர் முன்னால் இரண்டு எண்கள் இருக்கின்றன, 49,000-உம் 6,25,000-உம். வரி மிச்சமாகும் என்று நினைத்து முதலாவதைப் போடத்தான் கை போகும். ஆனால் புதிய முறையில் 6,25,000-க்கு வரி என்ன என்று பாருங்கள். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. மீதி 2,25,000-க்கு 5 சதவீதம், 11,250. மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் 87A தள்ளுபடியில் அந்த 11,250-உம் போய்விடுகிறது. கட்ட வேண்டியது பூஜ்யம். அதாவது 49,000 என்று காட்டினாலும் வரி பூஜ்யம், உள்ளதை உள்ளபடி காட்டினாலும் பூஜ்யம்.

வித்தியாசம் வேறு இடத்தில் தெரியும். வீட்டுக் கடனுக்குப் போனால் வங்கி பார்ப்பது படிவத்தில் உள்ள வருமானத்தை, ஃபீஸ் நோட்டை அல்ல. வருடம் 49,000 சம்பாதிப்பவர் 3 லட்சத்துக்கு நகை வாங்கி, 2 லட்சத்தை வைப்பு நிதியில் போட்டால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். டியூஷனையே நம்பியிருக்கும் பெரும்பாலானோருக்கு உண்மை எண்ணைக் காட்டுவதால் ஒரு பைசா நஷ்டம் இல்லை.

நஷ்டம் தெரிவது மாலை நேரத்தில் மட்டும் பாடம் எடுப்பவர்களுக்கு. ஒரு தனியார் நிறுவன ஊழியர், சம்பளம் 14 லட்சம், நிலையான கழிவு 75,000 போக 13,25,000. டியூஷனில் யு.பி.ஐ. வழியாக வந்தது 2,40,000, உண்மையில் மிஞ்சியது 2,00,000. குறைந்தபட்சம் காட்டினால் 14,400. இரண்டுக்கும் இடையே 1,85,600. அவருடைய அடுக்கில் 15 சதவீதம், அதன்மேல் 4 சதவீத செஸ் என்றால் சுமார் 29,000 ரூபாய் வரி வித்தியாசம்.

இங்கே சபலம் நிஜமானது. சட்டம் 6 சதவீதத்தைக் கொடுத்திருக்கிறதே, நான் ஏன் மேலே போக வேண்டும் என்று கேட்பவர்களும், அதற்கு ஆதரவாகப் பேசும் ஆடிட்டர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மிஞ்சியது எவ்வளவு என்று தன் கையாலேயே நோட்டில் எழுதி வைத்துவிட்டு, படிவத்தில் அதற்குப் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத எண்ணைப் போடுகிறவருக்கு, அந்த நோட்டைக் கேட்கும் அதிகாரியிடம் சொல்வதற்கு நல்ல பதில் இருக்காது.

ஐந்தாம் படி: ITR-4 நிரப்புவது

வரித்துறைத் தளத்தில் ITR-4 தேர்ந்தெடுத்து, தொழில் வருமானப் பகுதியில் 44AD-க்குப் போங்கள். குறியீடு 17006. தொழிலின் பெயர் என்ற இடத்தில் உங்கள் பெயரையோ டியூஷன் சென்டர் பெயரையோ எழுதலாம். வங்கி வழியாக வந்த தொகையையும் மற்றதையும் தனித்தனிக் கட்டங்களில் போடுங்கள். அனுமான வருமானக் கட்டத்தில் தளம் காட்டும் 6, 8 சதவீத எண்ணை அப்படியே விடாமல், உங்கள் உண்மை லாபத்தை இரண்டு கட்டங்களுக்கும் வரவின் விகிதத்தில் பிரித்துப் போடுங்கள். நம் ஆசிரியைக்கு, 6,25,000-இல் யு.பி.ஐ. பங்கு 4,58,333, ரொக்கப் பங்கு 1,66,667.

கீழே நிதி விவரங்கள் கேட்கும் பகுதியில் மார்ச் 31 அன்று கையில் இருந்த ரொக்கம், இன்னும் வராத ஃபீஸ் பாக்கி, நீங்கள் கொடுக்க வேண்டிய பாக்கி ஆகியவற்றை எழுத வேண்டும். எல்லாவற்றிலும் பூஜ்யம் போட்டுத் தள்ளுவது பலரின் பழக்கம். ரொக்கத்தில் 2 லட்சம் வாங்குபவர் கையில் மார்ச் 31 அன்று ஒரு ரூபாய்கூட இல்லை என்பது நம்பும்படி இருக்காது.

பழைய வரி முறை வேண்டும் என்பவர்கள், தொழில் வருமானம் இருப்பதால், படிவத்தில் டிக் அடித்தால் மட்டும் போதாது. கடைசி தேதிக்குள் Form 10-IEA தாக்கல் செய்ய வேண்டும். அதிலிருந்து புதிய முறைக்கு ஒரு முறை திரும்பிவிட்டால் மறுபடி பழையதற்குப் போக முடியாது.

ரிட்டர்ன் போட்ட 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலம் சரிபார்த்துவிடுங்கள்.

ஆறாம் படி: முன்கூட்டியே கட்டும் வரி

44AD-யில் இருப்பவருக்கு வருடத்தில் நான்கு தவணை கிடையாது, மார்ச் 15-க்குள் ஒரே தவணை. பிடித்த டி.டி.எஸ். போக 10,000 ரூபாய்க்குக் குறைவாக வரி இருந்தால் அதுவும் தேவையில்லை. நம் ஆசிரியைக்கு இது பொருந்தாது. மாலை டியூஷன் எடுக்கும் ஊழியருக்குக் கட்டாயம் பொருந்தும். சம்பளத்தில் பிடிக்கும் வரி சம்பளத்துக்கு மட்டும்தான். டியூஷன் வருமானத்தை அலுவலகத்தில் சொல்லாவிட்டால், மார்ச் 15-க்குள் தானே கட்ட வேண்டும். தவறினால் வட்டி ஓடும்.

சில எல்லைகள்

44AD-க்கு மொத்த வரவு 2 கோடி வரை, ரொக்கம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் 3 கோடி வரை. வீட்டு டியூஷனுக்கு இது பெரிய கவலை இல்லை. கவலை வர வேண்டியது 20 லட்சத்தில். வருட வரவு அதைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். பள்ளிகளுக்கு உள்ள விலக்கு தனியார் டியூஷனுக்குக் கிடையாது, வரி 18 சதவீதம். ஃபீஸை ஏற்றும் முன் இந்தக் கோட்டுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருடம் 44AD-யில் காட்டிவிட்டு, அடுத்த ஐந்து வருடங்களில் ஏதாவது ஒன்றில் 6, 8 சதவீதத்துக்குக் கீழே லாபம் காட்டினால், அதற்குப் பிறகு ஐந்து வருடம் இந்தத் திட்டத்துக்குள் வர முடியாது. மொத்த வருமானம் வரி விலக்கு வரம்புக்கு மேல் இருந்தால் ஆடிட்டும் செய்ய வேண்டும். வீட்டை விட்டு வாடகைக் கூடம் எடுத்து, ஏ.சி. போட்டு, விளம்பரம் செய்யும் வருடத்தில்தான் இது நடக்க வாய்ப்பு. அப்படி ஒரு திட்டம் இருந்தால் முதலில் ஆடிட்டரைப் பாருங்கள், கூடத்தை அப்புறம் பாருங்கள்.

ஏப்ரல் 1, 2026 முதல் வரும் வருமானத்துக்கு 2025-ஆம் வருடத்துப் புதிய வருமான வரிச் சட்டம். அதில் 44AD, 44ADA என்ற எண்கள் இருக்காது, இரண்டும் 58-ஆம் பிரிவுக்குள் சேர்ந்துவிட்டன. 2025-26-க்கான ரிட்டர்ன் பழைய பிரிவு எண்களோடுதான் போகும். ஆகவே இரண்டு வருடத்து நோட்டுகளையும் கலக்காமல், ஏப்ரல் 1 அன்று புது நோட்டில் ரசீது எண் 1-இலிருந்து தொடங்குங்கள். பழைய நோட்டைப் பரணில் போட்டாலும் சரி, ஆறு வருடத்துக்குப் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள்.